படிப்புச் செலவைக் கம்பெனி தரும் என்ற ஒரு பக்க நோட்டீஸை மட்டும் நம்பிக் கட்டணம் கட்டாதீர்கள்

மணலியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். வீடு திருவொற்றியூரில். கம்பெனியின் கல்வி உதவித் திட்டத்தை நம்பி ஆன்லைன் எம்.பி.ஏ. சேர்ந்தேன். படிப்பை முடித்துவிட்டேன், பட்டமும் கையில் இருக்கிறது. ஆனால் கம்பெனியிடமிருந்து வந்த பணம் முழுவதும் திரும்பப் போய்விட்டது. என்னோடு வேலை பார்த்த இன்னும் சிலர் இப்போது அதே திட்டத்தில் சேரப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேறு கம்பெனிகளிலும் இதே மாதிரி திட்டங்கள் இருக்கின்றன. அதனால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

2022 மே மாதம் கேன்டீன் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போட்டார்கள். மொத்தம் நான்கே வரி. தகுதியான படிப்பு: யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் படிப்புகள். தொகை: கட்டணத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் 1 லட்சம். பாண்ட்: 2 ஆண்டு. சான்று: கட்டண ரசீது, மார்க் ஷீட்.

முழுத் திட்டம் 14 பக்கம் என்று தெரிந்து எச்.ஆர். பிரிவில் கேட்டேன். என்னைவிடச் சின்ன வயது அதிகாரி. "அதுல இருக்கிற எல்லாமே இதுலயே இருக்குண்ணா, நான்தான் சுருக்கி எழுதினேன். அதைப் படிச்சா உங்களுக்குக் குழப்பம்தான் வரும்" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். "சரி சார்" என்று வந்துவிட்டேன். அங்கேதான் நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

படிப்புக்கு நான்கு செமஸ்டர், ஒரு செமஸ்டருக்கு 35,000 ரூபாய், மொத்தம் 1,40,000. மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்று பல்கலைக்கழகத்திலிருந்து போன் செய்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,26,000 கட்டினால் அதில் 80 சதவீதம் 1,00,800. நோட்டீஸில் இருக்கிற 1 லட்சத்துக்குச் சரியாக வருகிறது. என் கையிலிருந்து போவது 26,000தான் என்று நினைத்தேன். மனைவியின் செயினைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, ஜூலையில் ஒரே ரசீதாகக் கட்டினேன். கம்பெனி கொடுத்த படிவத்தில் 'திட்ட விதிகளைப் படித்து ஒப்புக்கொள்கிறேன். பாண்ட் விதி 7-ன்படி' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். விதி 7-ஐ அதுவரை நான் பார்த்ததே இல்லை.

முதல் செமஸ்டர் மார்க் ஷீட் வந்ததும் பணம் கேட்டுப் போனேன். கணக்குப் பிரிவில் தர முடியாது என்றார்கள். ரசீது எந்தக் காலத்துக்கானதோ அந்தக் காலம் முழுவதற்கும் தேர்ச்சிச் சான்று வேண்டுமாம். நான் இரண்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரே ரசீது வைத்திருந்ததால், நான்கு செமஸ்டரும் முடிந்த பிறகுதான் கேட்க முடியும். இரண்டு வருடம் அடகு வட்டி கட்டிக்கொண்டே படித்தேன்.

2024 அக்டோபரில் வங்கிக் கணக்கில் பணம் ஏறியது. 50,000 ரூபாய் மட்டும். ஏதோ தவறு என்று நினைத்து ஓடினேன். அப்போதுதான் 14 பக்கத்தையும் முதன்முறையாகக் கையில் கொடுத்தார்கள். 1 லட்சம் என்பது மொத்தப் பணிக்காலத்துக்கான உச்சவரம்பு. அதற்குள் ஒரு நிதியாண்டுக்கு 50,000 என்று இன்னொரு வரம்பு இருக்கிறது. எந்த நிதியாண்டு என்பதை ரசீதில் உள்ள தேதியை வைத்து முடிவு செய்வார்கள். என் ரசீது ஒன்றே ஒன்று, தேதி 2022 ஜூலை. ஆகவே 2022-23 கணக்கில் 50,000, அதோடு முடிந்தது.

செமஸ்டர் வாரியாகக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 2022-23-இல் இரண்டு செமஸ்டருக்கு 70,000, அதில் 80 சதவீதம் 56,000, வரம்பின்படி 50,000 கிடைத்திருக்கும். 2023-24-இல் மறுபடி 50,000. ஆக 1,40,000 கட்டி 1 லட்சம் திரும்ப வந்திருக்கும், எனக்குச் செலவு 40,000. நான் மொத்தமாகக் கட்டியதால் 1,26,000-இல் 50,000 போக 76,000 என் தலையில் விழுந்தது. 14,000 தள்ளுபடிக்காக 50,000-ஐ இழந்திருக்கிறேன். 'அதிகபட்சம் 1 லட்சம்' என்ற வரியில் 'ஆண்டுக்கு 50,000 வீதம்' என்ற மூன்று சொல்லைச் சேர்த்திருந்தால் நான் தள்ளுபடிப் பக்கமே போயிருக்க மாட்டேன். அந்த மூன்று சொல்லுக்குப் பலகையில் இடம் இல்லாமலா போயிற்று? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம் பாண்ட். 2022 ஜூலையில் கையெழுத்துப் போட்டதால் 2024 ஜூலையோடு இரண்டு வருடம் முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2025 ஜனவரியில் எண்ணூர்ப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் நல்ல வேலை கிடைத்தது. ராஜினாமா கொடுத்தேன். பாண்ட் இன்னும் முடியவில்லை என்றார்கள். விதி 7-இன்படி, தொகை ஊழியரின் கணக்கில் சேரும் நாளிலிருந்துதான் இரண்டு வருடத்தை எண்ண வேண்டும். படிப்பில் சேர்ந்த நாளோ, படிப்பு முடிந்த நாளோ கணக்கில்லை. முதல் வருடத்துக்குள் வேலையை விட்டால் தொகை முழுவதும், இரண்டாம் வருடத்துக்குள் விட்டால் பாதி திருப்பித் தர வேண்டும். எனக்குப் பணம் வந்தது அக்டோபரில், கடைசி வேலை நாள் பிப்ரவரி. ஆகவே 50,000-உம் பிடித்தம்.

இங்கேயும் அந்த ஒற்றை ரசீதுதான் என்னைக் கவிழ்த்தது. ஒவ்வொரு தொகைக்கும் பாண்ட் தனித்தனியாக ஓடும் என்று அதே விதியில் இருக்கிறது. செமஸ்டர் வாரியாக வாங்கியிருந்தால் முதல் செமஸ்டர் தொகை 2023 தொடக்கத்திலேயே வந்திருக்கும். நான் விலகும்போது அதற்குப் பாதிக்கு மேல் கேட்டிருக்க முடியாது.

செட்டில்மென்ட் தாளில் பிடித்தத்தைப் பணிக்கொடையிலிருந்து எடுப்பதாகப் போட்டிருந்தார்கள். இதை மட்டும் நான் விடவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் பிரிவு 4(6) எந்தக் காரணங்களுக்காகப் பணிக்கொடையை நிறுத்தலாம் என்று சொன்னது. வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ சேதம் விளைவித்து வேலையிலிருந்து நீக்கப்படுவது, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவைதான் அதில் வந்தன. பாண்ட் பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்தில் கேட்டதும் அந்த வரியை எடுத்துவிட்டு, கடைசி மாதச் சம்பளத்திலும் விடுப்புச் சம்பளத்திலும் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் தம்புச் செட்டி தெருவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். "பாண்டே செல்லாதுன்னு வெளியில சொல்வாங்க, அதை நம்பிக் கோர்ட்டுக்கு வராதீங்க" என்று நேராகச் சொன்னார். 2025 மே 14 அன்று விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74-இன்படி நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று வாதாடலாம். ஆனால் என் விஷயத்தில் அவர்கள் கொடுத்த தொகையைத்தான் திரும்ப எடுத்தார்கள், அபராதம் போடவில்லை. "நீங்க விதிகளைப் படிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார். நோட்டீஸ் தவறாக வழிகாட்டியது என்று நிரூபிக்க வழக்கு நடத்தும் செலவு 50,000-ஐத் தாண்டும் என்றும் சொன்னார். அதோடு விட்டேன்.

நோட்டீஸில் இருந்த மற்ற இரண்டு வரியிலும், அதாவது தகுதியான படிப்பு, சான்று என்ற வரிகளிலும், இதே குறை உண்டு. தொகை, பாண்ட் அளவுக்கு அவை என்னைப் பாதிக்கவில்லை, ஆனால் எங்கள் மெயின்டனன்ஸ் தம்பி ஒருவரைப் பாதித்தன. அவர் தொலைநிலைப் படிப்புக்காகத் தண்டையார்பேட்டையில் 'ஸ்டடி சென்டர்' என்று போர்டு மாட்டிய ஒரு இடத்தில் பணம் கட்டினார். ரசீது அந்தச் சென்டர் பெயரில் இருந்தது. திட்டப்படி பல்கலைக்கழகமே தந்த ரசீது, பணம் ஊழியர் கணக்கிலிருந்து போனதற்கான வங்கிச் சான்று இரண்டும் வேண்டும். இப்படிப்பட்ட பிராஞ்சைஸ் சென்டர்கள் மூலம் படிப்பு நடத்துவதை யுஜிசியே அனுமதிப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தப் படிப்பைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த அந்தப் பருவத்துக்கு அனுமதி இருப்பது வேறு. இரண்டாவதை deb.ugc.ac.in தளத்தில் பார்க்க வேண்டும். இன்னொன்று, கட்டணம் கட்டும் முன்பே துறைத் தலைவரின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. நோட்டீஸில் அது இல்லவே இல்லை. அந்தத் தம்பிக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

உங்கள் கம்பெனியிலும் ஒரு பக்கச் சுருக்கம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துப் பணம் கட்டாதீர்கள். முழு விதியைக் கையில் வைத்துக்கொண்டு, சுருக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் விதி எண்ணை நீங்களே எழுதுங்கள். விதி எண் எழுத முடியாத வரி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தொகை எழுதியிருக்கும் இடத்தில் அது எந்தக் காலத்துக்கு, எந்தத் தேதியை வைத்து, டியூஷன் கட்டணத்துக்கு மட்டுமா என்று பாருங்கள். எங்கள் திட்டத்தில் தேர்வுக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கிடையாது. பாண்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'எந்த நாளிலிருந்து' என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தச் சுருக்கம் அரைகுறை. வாயால் சொன்ன பதில் உதவாது, மின்னஞ்சலில் வாங்குங்கள்.

ஸ்டோர்ஸில் என் இடத்துக்கு வந்த தம்பி போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். அவனும் எம்.பி.ஏ. சேரப் போகிறான். இருவரும் உட்கார்ந்து இரண்டே கேள்வி எழுதினோம்: வரம்பை ரசீது தேதியில் கணக்கிடுவீர்களா, பாண்ட் எந்த நாளில் தொடங்கும்? எச்.ஆர். பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. பதில் வந்த பிறகுதான் முதல் செமஸ்டருக்கு மட்டும் 35,000 கட்டினான். தள்ளுபடி என்று பல்கலைக்கழகத்திலிருந்து அவனுக்கும் போன் வந்ததாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.