மைண்ட் மேப்பா, வரிசையா எழுதுற நோட்ஸா? பிரஷர் பாடத்த வச்சே பாத்துடலாம்

பிசியாலஜி மாதிரி ஒண்ணத் தொட்டா பத்து கூட வர்ற பாடத்துக்கு மைண்ட் மேப்தான் சரின்னு சொல்லுவாங்க, நானும் அத நம்பி கலர் பேனாவெல்லாம் வச்சு போட்டுட்டு இருந்தேன். ரத்த அழுத்தத்த கிட்னி எப்படி சரி பண்ணுதுங்கற பாடத்துலதான் மாட்டுனேன்.

நடுவுல 'ரத்த அழுத்தம்', சுத்தி கிட்னி, கல்லீரல், நுரையீரல், அட்ரீனல் சுரப்பின்னு நாலு கிளை. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா உள்ள நடக்கறது இப்படி: அழுத்தம் குறைஞ்சா கிட்னி ரெனின்ங்கற என்சைம விடும், அது கல்லீரல்ல இருந்து வர்ற ஆஞ்சியோடென்சினோஜன வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்கும், நுரையீரல்ல நிறைய இருக்கற ஏசிஇ என்சைம் அத 2 ஆக்கும், இந்த 2 ரத்தக்குழாய சுருக்கறதோட அட்ரீனல்ல இருந்து அல்டோஸ்டிரோன்ங்கற ஹார்மோனையும் வர வைக்கும், அது திரும்ப கிட்னிக்கே போயி உப்ப பிடிச்சு வைக்கும், உப்போட தண்ணியும் தங்கும், அழுத்தம் ஏறும், ரெனின் குறைஞ்சிடும். இது ஒரு வட்டம். மைண்ட் மேப் மரம் மாதிரி, கிளை வெளிய போகும், திரும்பி வராது. என் படத்துல அல்டோஸ்டிரோன் அட்ரீனல் கிளை நுனியிலயே உக்காந்துட்டு இருந்துச்சு, அது வேலை பாக்கற இடம் கிட்னின்னு எங்கயுமே இல்ல.

வரிசையா எழுதுன நோட்ஸ்ல இந்தக் கதை தப்பாம வந்துடும். ஆனா அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஏசிஇய தடுக்கற மாத்திரை போட்டா என்ன ஆகும்னு கேட்டா, ஆஞ்சியோடென்சின் 2 குறையும், பிரஷர் இறங்கும், ரெனின் ஏறும், இது வரைக்கும் சொல்லிடலாம். சிலருக்கு வறட்டு இருமல் ஏன் வருது? அதே ஏசிஇதான் உடம்புல இருக்கற பிராடிகைனின்ங்கற பொருளையும் உடைக்குது, தடுத்தா அது சேந்துடும், இருமலுக்கு முக்கியக் காரணமா சொல்றது அதத்தான். பொட்டாசியம் ஏன் ஏறுது? அத வெளியேத்துற அல்டோஸ்டிரோன் குறைஞ்சதால. இது ரெண்டும் என் நோட்ஸ்ல வேற வேற பக்கத்துல கிடந்துச்சு.

அதனால நான் இப்ப முதல்ல வரிசையா எழுதிடுறேன். அப்புறம் நோட்ட மூடிட்டு, ஞாபகத்துல இருந்து ஒரே பக்கத்துல படம் போடுறேன், ஒவ்வொரு கோட்டுக்கும் அம்புக்குறி, மேல 'ஏத்தும்', 'குறைக்கும்', 'உடைக்கும்'னு ஒரு வினைச்சொல். (இதுக்குப் பேரு கான்செப்ட் மேப்பாம், பேரு எதுவா இருந்தா என்ன.) வினைச்சொல் வராத கோடு இருந்தா அந்த இடம் எனக்குப் புரியலன்னு அர்த்தம், நோட்ஸ்ல போயி அத மட்டும் பாப்பேன்.

நோட்ட மூடணும்ங்கறது சும்மா இல்ல. 2011ல கார்பிக், பிளன்ட்னு ரெண்டு பேரு சயின்ஸ் இதழ்ல எழுதுன ஆய்வுல, புத்தகத்த திறந்து வச்சு கான்செப்ட் மேப் போட்டவங்கள விட, மூடிட்டு ஞாபகப்படுத்தி எழுதுனவங்கதான் ஒரு வாரம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல நல்லா பண்ணாங்க, கேள்வி கருத்துகள இணைக்கச் சொன்னப்பவும்.