நானே கையெழுத்துப் போட்டு இழந்த 3.5 லட்சம்: இரண்டு பேர் சேர்ந்து கடை போடுகிறவர்களுக்கு

பத்திரத்தில் நாங்கள் எழுதியது மொத்தம் மூன்றே விஷயம். லாப நஷ்டம் சரிபாதி. இருவரும் ஒற்றுமையாக நடத்த வேண்டியது. தகராறு வந்தால் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது. முத்திரைத்தாள் வாங்கி, பத்திரம் எழுதுகிறவர் வைத்திருந்த பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி, நோட்டரியிடம் முத்திரை வாங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். "நமக்குள்ள என்னடா மாப்ள பெருசா எழுதணும்" என்றான் நண்பன். எனக்கும் அதுதான் மரியாதையாகப் பட்டது.

எலக்ட்ரிக்கல் சாமான் கடை. நான் 8 லட்சம், அவன் 4 லட்சம். காலையில் கடை திறப்பதிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும் வரை நான் நிற்பேன். கொள்முதலும் கணக்கும் அவன் பொறுப்பு. நான் நாள் முழுக்க நிற்பதற்குத் தனியாகச் சம்பளம் உண்டு என்று வாய்ப்பேச்சு இருந்தது. வருஷக் கடைசியில் கேட்டபோது, "பத்திரத்துல எங்க இருக்கு?" என்றான். சட்டமும் அவன் பக்கம்தான். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 13ஆம் பிரிவு: வேறு விதமாக ஒப்பந்தம் இல்லை என்றால் கடையில் உழைப்பதற்குச் சம்பளம் கிடையாது, போட்ட முதல் எவ்வளவு வித்தியாசப்பட்டாலும் லாபமும் நஷ்டமும் சமம், முதலுக்கு வட்டியும் கிடையாது. அதனால் லாபத்தைப் பிரிப்பதற்கு முன்னால் எழுத வேண்டியது இதுதான்: நிற்கிறவருக்கு மாதச் சம்பளம் இவ்வளவு, முதலுக்கு வட்டி இத்தனை சதவீதம், இரண்டும் போக மீதியைத்தான் பிரிக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயத்தில் பெரிய அடி. நடுவில் சரக்கு வாங்க நான் 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்தேன். அவன் அதை என் முதல் கணக்கில் வரவு வைத்தான். கடன் என்று எழுதியிருந்தால் அதே 13ஆம் பிரிவுப்படி ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி வந்திருக்கும். கடை முடிகிற நாளில் வெளியார் கடன் தீர்ந்ததும், யாருடைய முதலுக்கும் முன்பாக அந்தப் பணம் திரும்பி வந்திருக்கும். கூடுதல் பணம் கொடுக்கும்போது ஒரு வரிக் கடிதமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருஷம் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. கூட்டு முடிந்தது என்று நான்கே வரி. இப்படி அனுப்ப முடியுமா என்று வக்கீலிடம் கேட்டேன். முடியும். எத்தனை காலம் என்றோ எப்படி முடிப்பது என்றோ பத்திரத்தில் இல்லாவிட்டால் அது விருப்பக் கூட்டாண்மை. ஒருவர் எழுத்தில் அறிவித்தாலே கலைந்துவிடும். கடை வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில். கடையை அவனே தொடர்வதாகவும் என் பங்கைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னான்.

அந்தப் பங்கை எப்படிக் கணக்குப் போட்டான் என்பதற்காகத்தான் இந்தப் பதிவே. கணக்குப் புத்தகப்படி சரக்கு 14 லட்சம், வாடிக்கையாளர் பாக்கி 5 லட்சம், ரேக், கவுண்டர் எல்லாம் சேர்த்து 2 லட்சம், கையிலும் வங்கியிலும் 1 லட்சம். மொத்தம் 22. மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டியது 6 போக நிகரம் 16 லட்சம். லாபம் சேர்த்து, அவரவர் எடுத்தது போக, அதில் என் கணக்கில் 10, அவன் கணக்கில் 6.

அவன் காகிதத்தில் சரக்கு 10 ஆனது ("பாதி டெட் ஸ்டாக்"). பாக்கி 3 ஆனது ("வராது"). ரேக்கும் கவுண்டரும் 1. கைப்பணம் 1. மொத்தம் 15, கடன் 6 போக 9 என்றான். 16 எங்கே, 9 எங்கே. குறைந்த 7 லட்சம் நஷ்டம், நஷ்டம் சரிபாதி, ஆளுக்கு 3.5. என் 10 லட்சம் 6.5 ஆகிவிட்டது. கடையின் பேருக்கும் வாடிக்கைக்கும் மதிப்பு பூஜ்யம். சரிபாதி என்று ஆசையாக எழுதிய வார்த்தை என்னையே கடித்தது.

சரக்கை மறுபடி எண்ணலாம் என்றேன். கடைச் சாவி அவனிடம். பெரியவர்கள் முன்னிலையில் பேசலாம் என்றேன். வந்த பெரியவர் அவன் மாமனார். அலுத்துப்போய் 6.5க்கு ஒப்புக்கொண்டு, "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்ற ரசீதில் கையெழுத்துப் போட்டேன். அதைப் போடும் முன் வக்கீலிடம் காட்டவில்லை. கணக்கு முடியாத நிலையில் அவன் என் பங்கை வைத்து வியாபாரம் தொடர்ந்திருந்தால், 37ஆம் பிரிவுப்படி அதன் லாபத்தில் பங்கோ 6 சதவீதம் வட்டியோ கேட்டிருக்கலாம். ரசீது அந்தக் கதவைச் சாத்திவிட்டது என்கிறார் வக்கீல்.

எங்கள் ஃபர்ம் பதிவும் ஆகவில்லை. நோட்டரி முத்திரையும் ஃபர்ம் பதிவாளரிடம் பதிவதும் வேறு வேறு என்பது அன்றுதான் தெரிந்தது. பதிவில்லாத கூட்டில் பத்திர உரிமைக்காகப் பங்காளி மேல் வழக்குப் போட 69ஆம் பிரிவு தடுக்கிறது. கலைக்கவும், கலைந்த கடையின் கணக்குக் கேட்கவும், அதன் சொத்தை மீட்கவும் மட்டும் வழி உண்டு. அந்த வழியையும் நான் ரசீதால் அடைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்த பிறகு, விலகல் ஷரத்து எப்படி இருந்திருக்க வேண்டும் என்று வக்கீலோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்:

"விலக விரும்புபவர் 90 நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டியது. நோட்டீஸ் கொடுத்த மாதக் கடைசி நாளில் இருவரும் சேர்ந்து சரக்கை எண்ணிப் பட்டியலில் கையெழுத்திட வேண்டியது. சரக்கு கொள்முதல் விலைக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் நகராததற்கு மட்டும் பாதி விலை. வராத பாக்கியைக் கழிக்கக் கூடாது. வசூலாக வசூலாகப் பிரிக்க வேண்டியது. கடைப் பேரின் மதிப்பு கடந்த மூன்று வருஷச் சராசரி லாபத்துக்குச் சமம். விலை ஒத்துவராவிட்டால், இருவர் கணக்கையும் பார்க்காத வெளி ஆடிட்டர் சொல்வதே முடிவு."

இத்தனை சதவீதம், இத்தனை மாதம் என்பதை உங்கள் சரக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பழசானால் விலை போகாத பொருளுக்கு ஒரு வருஷமே அதிகம். எண்ணுவதற்குத் தேதியும் சரக்குக்கு விலை முறையும் முன்பே எழுதப்பட்டிருப்பதுதான் முக்கியம். சண்டை வந்த பிறகு அதை இருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தகராறு ஷரத்திலும் 'பெரியவர்கள்' வேண்டாம். ஒரே ஒரு நடுவர், இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பவர், ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நியமிப்பவர் என்று எழுதுங்கள். ஒருவர் மட்டும் ஆளை நியமிக்கிற மாதிரி வாசகம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடுங்கள். நான் செய்யவில்லை. நான் விலகி நான்கு மாதம் கழித்து, அவன் வாங்கிய சரக்குக்கு 1.8 லட்சம் கேட்டு மொத்த வியாபாரி என் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பினார். அவருக்கு என்னைப் பங்காளியாகத் தெரியும், விலகியது தெரியாது. அறிவிப்பு வராத வரை அவருக்கு நானும் பொறுப்பு. கட்டிவிட்டேன். நண்பனிடமிருந்து அதைத் திரும்ப வாங்கத்தான் இப்போது வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. அரசிதழுக்கும் உள்ளூர்த் தமிழ் நாளிதழுக்கும் அறிவிப்பு கொடுத்தது போன வாரம்தான்.