பெட்டியில் இருக்கும் முத்திரை லென்ஸில் இல்லை: கிரைண்டர் கண்ணாடி வாங்குபவர்கள் கவனிக்கவும்

அம்பத்தூரில் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கேட், கிரில், ஷெட் வேலைகள்தான் அதிகம். நாள் முழுக்க நான்கு அங்குல கிரைண்டர் ஓடிக்கொண்டேயிருக்கும். சென்ற கோடையில் ஒரு விற்பனையாளரிடம் பாதுகாப்புக் கண்ணாடிகளை மொத்தமாக வாங்கினோம். கண்ணைக் காக்க வேண்டிய அந்தப் பொருளே எங்கள் பையன் ஒருவனின் கீழ் இமையைக் கிழித்தது. அதே சரக்கு இன்னமும் விற்பனையில் இருக்கிறது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

பெட்டி பார்க்க நன்றாகவே இருந்தது. 'ஈஎன் 166 எஃப்', 'சிஇ', 'ஆவி படியாதது', 'தூசு புகாதது' என்று நான்கு பக்கமும் அச்சடித்திருந்தார்கள். கண்ணாடியிலும் அதையே சொல்லும் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்த பிறகு லென்ஸில் ஓர் எழுத்துகூட இல்லை. பிரேமின் காதுக்கம்பியில் சிஇ மட்டும் இருந்தது.

சம்பவம் நடந்த அன்று அந்தத் தம்பி ஸ்கொயர் பைப்பை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டு முடியும் தறுவாயில் பைப் சற்றுத் திரும்பியது. கட்டிங் வீல் இறுகி, அதன் விளிம்பிலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து லென்ஸில் அடித்தது. லென்ஸ் மூக்கு ஓரத்திலிருந்து காது ஓரம் வரை பிளந்தது. உடைந்த விளிம்பு உள்பக்கமாகத் திரும்பி இமையில் இறங்கியது. கண்மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. இமையில் தையல் போட வேண்டியிருந்தது. அவ்வளவோடு போனதே பெரிது.

ஒழுங்கான பாதுகாப்பு லென்ஸ் பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகிறது. அடி பட்டால் அது குழியும், கீறல் விழும், வெண்மையாகிப் போகும். சில்லாகச் சிதறுவது அரிது. சந்தேகம் தீர்வதற்காக, உடையாத இன்னொரு லென்ஸை விரல் அகலத்துக்கு அறுத்து, பாதியை வைஸில் கடித்து, இடுக்கியால் மடக்கினோம். கால்வாசி வளைவதற்குள் 'படக்' என்று ஒடிந்தது. விளிம்பு பிளேடு போல இருந்தது. பழைய கண்ணாடி ஒன்றிலிருந்து அதே அகலத்தில் அறுத்த துண்டு முழுதாக மடிந்து கிடந்தது, ஒடியவில்லை. நீங்களும் ஒன்றைத் தியாகம் செய்து பார்க்கலாம். மடக்கும்போது முகம் முழுவதையும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்டு முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில் ஒடிவது வேலைக்கு ஆகாது என்று தெரிந்துவிடும். ஆனால் மடிந்த ஒரே காரணத்தால் அந்தக் கண்ணாடி தரச் சோதனையில் தேறியது என்று ஆகிவிடாது.

ஈஎன் 166 என்ற ஐரோப்பியத் தரத்தில் 'எஃப்' என்ற எழுத்துக்கு உறுதியான பொருள் உண்டு. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள, ஒரு கிராமுக்கும் குறைவான எஃகுக் குண்டு விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அடித்தாலும் லென்ஸ் தாங்க வேண்டும். காதுக்கம்பி வைத்த சாதாரண வடிவக் கண்ணாடிக்கு அந்தத் தரத்தில் கிடைக்கக்கூடிய உச்சமே இதுதான். 120 மீட்டரைத் தாங்கும் 'பி', முகத்தோடு ஒட்டி நிற்கும் காகிள்ஸுக்கும் முகக்கவசத்துக்கும் உரியது. 190 மீட்டரைத் தாங்கும் 'ஏ' முகக்கவசத்துக்கு மட்டும். அமெரிக்கத் தரத்தில் அதிவேக அடிக்கான குறி 'இசட்87+'. அந்தக் கூட்டல் குறி இல்லையென்றால் அந்தச் சோதனை நடக்கவில்லை என்று பொருள்.

இப்போது கிரைண்டரைப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் வேகத்தில் போகிறது. உடையும் வீலின் சில்லு அந்த வேகத்தில்தான் கிளம்பும். ஆகவே உண்மையான எஃப் கண்ணாடியும் பொறிக்கும் சிறு துகளுக்கும்தான் போதும். வீல் உடைப்புக்கு அல்ல. கட்டிங் வீல் வேலைக்குக் கண்ணாடியும், அதன் மேல் முகக்கவசமும் சேர்ந்தே வேண்டும். இந்த விற்பனையாளர் "இதைப் போட்டால் முகக்கவசமே தேவையில்லை சார்" என்று சொல்லித்தான் விற்றார். எனக்கு ஆறவே ஆறாத கோபம் அதில்தான்.

ஆவி விஷயத்திலும் அதே கதை. தகரக் கூரையின் கீழ் வியர்வையும் மாஸ்க்கின் மேல்விளிம்பு வழியே ஏறும் மூச்சும் சேர்ந்து லென்ஸுக்குப் பின்னால் ஈரக்காற்றாக நிற்கின்றன. லென்ஸ் அந்தக் காற்றைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருந்தாலும் போதும், நுண்துளிகள் படிந்து வெள்ளையாகிவிடும். ஆவி தடுக்கும் பூச்சு நீரை விரட்டுவதில்லை. துளியாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது, அதனால் பார்வை மறைவதில்லை. எங்களுக்கு வந்த பெட்டியில் அந்தப் பூச்சு முதல் வாரத்திலேயே துணியோடு வழித்துக்கொண்டு வந்தது. ஆவி ஏறியதும் பையன்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றிய ஒருவனுக்கு இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டி, மறுநாள் துருவளையத்தோடு கண் மருத்துவரிடம் போக நேர்ந்தது.

பூச்சு உண்மையாகவே சோதிக்கப்பட்டிருந்தால் லென்ஸில் 'என்' என்ற எழுத்து இருக்கும். நுண்துகள் உரசலைத் தாங்குமென்றால் 'கே'. என் என்றாலும் நாள் முழுக்க உத்தரவாதம் என்று நினைக்க வேண்டாம். வெந்நீர் ஆவியின் மேல் 8 விநாடி தெளிவாக நின்றால் அந்தச் சோதனையில் தேறிவிடும். நல்ல பூச்சையும் நாமே கெடுத்துவிடலாம். தூசோடு உலர் துணியால் தேய்ப்பதும் தின்னரில் துடைப்பதும்தான் பட்டறைகளில் நடக்கிறது. தின்னரும் அசிட்டோனும் பூச்சோடு பாலிகார்பனேட்டையே அரித்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும். முதலில் தண்ணீரில் தூசைக் கழுவிவிட்டு, பிறகு மென்துணியால் ஒற்றுங்கள். மாஸ்க்கின் மூக்குக் கம்பியை இறுக்கினாலே பாதி ஆவி குறையும்.

'தூசு புகாதது' என்பது பார்த்த உடனே பிடிபட்டிருக்க வேண்டிய பொய். தூசுக்கான 4 என்ற எண் ஈஎன் 166 தரத்தில் காகிள்ஸ் பிரேமுக்குத்தான் தரப்படும். மேலும் கீழும் திறந்திருக்கும் கண்ணாடிக்கு அது கிடைக்கவே கிடைக்காது. மரம் அறுக்கும் இடத்திலும் சாண்டிங்கிலும் மறைமுகக் காற்றுத் துளை வைத்த காகிள்ஸ்தான் சரி. அதில் ஆவி இன்னும் கூடும் என்பதால் பூச்சு அங்கேதான் மிக அவசியம்.

விற்பனையாளரிடம் சோதனை அறிக்கை கேட்டோம். அனுப்பினார். அதிலிருந்த மாடல் எண் வேறு. படத்திலிருந்த கண்ணாடியின் மூக்குத்தாங்கியும் வேறு. கேட்டதற்கு, "எல்லாம் ஒரே கம்பெனி சரக்குதான் சார், நீங்கள் வீலைத் தப்பாகப் பிடித்திருப்பீர்கள்" என்றார். பணம் திரும்பவில்லை, அதே கண்ணாடியை மாற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டோம்.

வாங்கும்போது ஸ்டிக்கரை உரித்துவிட்டு லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஈஎன் 166 கண்ணாடியானால் ஓரத்தில் தயாரிப்பாளரின் குறி, ஒளித்தர எண் 1, எஃப் ஆகியவை லென்ஸிலேயே பதிந்திருக்கும். பிரேமிலும் தர எண்ணும் எஃப்பும் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் குறைந்ததே கணக்கு. இந்தியத் தரமானால் ஐஎஸ் 5983 எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் தேடுங்கள். சிஇ என்பது ஐரோப்பியச் சந்தைக்கான குறி. எந்த வேகத்தைத் தாங்கும் என்று அது சொல்லாது. லென்ஸ் வெறுமையாக இருந்தால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரக்கை இறக்காமலே வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.