ஹட்யாய் – பாடாங் பெசார் இணைப்புச் சீட்டு வாங்குவோர் கவனத்திற்கு

தாய்லாந்தின் ஹட்யாயிலிருந்து எல்லை நிலையமான பாடாங் பெசார் வரை வேன், அங்கிருந்து கோலாலம்பூருக்கு இ.டி.எஸ். ரயில் என இரண்டையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்ற ஒரு முகவரிடம் நான் பணத்தையும் ரயிலையும் இழந்தேன். ரயில் சீட்டை நிலையத்தில் தருவதாகக் கூறி, அவர் ஒரு தாளை மட்டும் கொடுத்தார். வேன் 8.30க்குப் புறப்பட்டு, எல்லைச் சோதனை முடிந்து 10.00 மணிக்கு நிலையம் சேரும், ரயில் 10.45க்கு என்று அதில் இருந்தது. எந்த நாட்டு நேரம் என்று கேட்டேன். எல்லாமே தாய்லாந்து நேரம்தான் என்றார். உண்மையில் ரயிலின் நேரம் மட்டும் மலேசிய நேரம். தாய்லாந்தின் கடிகாரம் மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், வேன் குறித்த நேரத்தில் வந்தும் நிலையக் கடிகாரம் 11.00 காட்டியது; ரயில் கால் மணி நேரம் முன்பே கிளம்பிவிட்டது. வேன் தாமதமாகவில்லையே என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தர முகவர் மறுத்துவிட்டார்.

பாடாங் பெசார் ரயில் நிலையம் மலேசிய மண்ணில் இருந்தாலும், தாய்லாந்து ரயில்வே தன் அட்டவணையில் அந்த நிலையத்துக்கும் தாய்லாந்து நேரத்தையே அச்சிடுகிறது. மலேசிய ரயில்வே மலேசிய நேரத்தை அச்சிடுகிறது. ஆகவே நிலையம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதை விட, அட்டவணை யாருடையது என்பதையே பார்க்க வேண்டும். முகவர்களின் தாள்கள் இரண்டிலிருந்தும் எடுத்து ஒட்டப்பட்டவை என்பதால் அவற்றில்தான் ஆபத்து அதிகம்.

இதைக் கண்டுபிடிக்கப் பயண நேரத்தைக் கணக்கிட்டாலே போதும். ஹட்யாய்க்கும் பாடாங் பெசாருக்கும் இடையே ரயில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடுகிறது. தெற்கே வரும் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் என்று தாள் காட்டினாலோ, வடக்கே போகும் ரயில் புறப்பட்ட நேரத்திலேயே போய்ச் சேர்வதாகக் காட்டினாலோ, இரு நாட்டு நேரங்களும் அதில் கலந்திருக்கின்றன. இரண்டு புள்ளிகளும் ஒரே நேரத்தில் இருந்தால் மட்டுமே கணக்கு ஒரு மணி நேரத்துக்கு அருகில் நிற்கும். என்னுடைய தாளில் வேனின் நேரங்கள் இரண்டும் தாய்லாந்து நேரமாகவே இருந்து, கலப்பு இணைப்பில் மட்டும் நிகழ்ந்ததால், இந்தச் சோதனையாலும் அது பிடிபட்டிருக்காது. அத்தகைய சீட்டில், ரயிலின் நேரத்தை மலேசிய ரயில்வேயின் அட்டவணையில் நேரடியாகப் பார்த்து, வேனின் வருகை நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டி ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கைபேசியை நம்பியும் ஏமாற வேண்டாம். எல்லையோரத்தில் அது எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்து நேரத்துக்குத் தானாகவே மாறிவிடக்கூடும். தானியங்கி நேர மாற்றத்தை நிறுத்திவிட்டு, ஏறவிருக்கும் ரயிலின் நாட்டு நேரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். ரயில் சீட்டு கையில் வரும் முன் இணைப்புக்கான முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே நாட்டின் பெயரை எழுதிக் கையொப்பமிட மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.