x போடுறதா, பின்னால இருந்து வாறதா?

மகன் தரம் 5, மகள் தரம் 8. ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கைக் குடுத்தன். நிலாவெளியில இருந்து திருகோணமலைச் சந்தைக்கு வந்த அம்மா கையில இருந்த காசில பாதிக்கு மீன் வாங்கினா, மிச்சத்தில மூண்டில ஒண்டுக்கு மரக்கறி, பிறகு பஸ்ஸுக்கு 100 ரூபா, வீட்ட வரேக்க கையில 1,100. கொண்டுபோனது எவ்வளவு?

மகள் x போட்டாள். எழுத வேகம்தான், மீனும் மரக்கறியும் போக x − x/2 − x/6 = x/3, பஸ்ஸும் போக x/3 − 100 = 1100, விடை 3,600, ரெண்டு வரியில முடிஞ்சுது. ஆனா அவளே போன மாசம் இதே மாதிரிக் கணக்கில மரக்கறிக்கு x/6 போடாம x/3 போட்டவள், அதாவது மிச்சத்தில மூண்டில ஒண்டை முழுக்காசில மூண்டில ஒண்டா எடுத்திட்டாள். இந்தக் கணக்கில அப்பிடிச் செய்தா x − x/2 − x/3 = x/6, அதால x/6 − 100 = 1100 எண்டு வந்து விடை 7,200. இதில மோசம் என்னண்டா, 7,200ஐ அந்தச் சமன்பாட்டில திருப்பிப் போட்டா சரியாத்தான் வரும், ஏனெண்டா சமன்பாடே பிழை.

நான் மகனுக்குச் சொல்லிக் குடுத்தது பின்னால இருந்து வாறது. கடைசியாக் காசு குடுத்த ஆளிட்ட முதல்ல போய்த் திருப்பி வாங்கு எண்டன். கண்டக்டரிட்ட 100 வாங்கினா கையில 1,200. அடுத்தது மரக்கறிக்காரி, இவன் இடறினதும் இங்கதான், 1,200ல மூண்டில ஒண்டு 400, கூட்டினா 1,600, ரெண்டால பெருக்க 3,200 எண்டான். சரி, இனி முன்னுக்குச் செலவழிச்சுப் பார் எண்டன். 3,200ல பாதி போனா 1,600, அதை மூண்டால பிரிச்சா 533 ரூபாயும் சதமும். "மரக்கறிக்கு ஆரப்பா சதம் குடுக்கிறது?" எண்டு அவனே நிண்டிட்டான். பிறகு யோசிச்சுச் சொன்னான், அவ எடுத்தது ஒரு பங்கு, என்னட்ட இருக்கிறது ரெண்டு பங்கு, அப்ப 1,200 ரெண்டு பங்கு, ஒரு பங்கு 600, மூண்டும் 1,800. மீன்காரனிட்டயும் திருப்பி வாங்கினா 3,600.

நான் இந்தப் பக்கம் சாயுறதுக்கு இதுதான் காரணம். ஒவ்வொரு படியிலயும் வாற எண் அந்த நேரம் கையில இருந்த காசு, பிழைச்சா முன்னுக்கு நடந்து பாத்தாலே தெரியும். சதம் வராத பிழையும் இருக்கும், அதால கடைசி 1,100 வரைக்கும் நடந்துதான் பாக்கோணும்.

ஆனா கடைசியாக் கையில இருந்த காசைச் சொல்லாம "மீனுக்குக் குடுத்தது மரக்கறியை விட 1,200 ரூபா கூட" எண்டு மட்டும் கேட்டா, பின்னால வரத் தொடங்க ஒரு இடமும் இல்ல. அங்க x தான், x/2 − x/6 = 1200. என்ர அனுபவம் இந்த ரெண்டு பிள்ளையளோட மட்டும்தான், ஆனா மகள் இப்ப x போட்டு விடை எடுத்தாலும் சந்தைக்குள்ளால ஒருக்கா நடந்து பாத்திட்டுத்தான் கொப்பியை மூடுறாள்.