பழைய துளையில் புதிய கைபிடி: எந்த அளவை நம்பிக் கடைக்குப் போவது?

கடைகளில் நாலு அங்குலக் கைபிடி என்று சொல்லி விற்கும் அலுமாரிக் கைபிடிகளில் பெரும்பாலானவற்றுக்குத் துளை இடைவெளி நாலு அங்குலம் அல்ல, 96 மில்லிமீற்றர். உண்மையான நாலு அங்குலம் 101.6 மில்லிமீற்றர். வித்தியாசம் ஐந்தரை மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் அதிகம். கேட்பதற்குச் சின்னத் தொகைதான். ஆனால், முதிரைப் பலகையில் ஏற்கெனவே துளை போட்டிருக்கும் லாச்சிக்கு அந்தக் கைபிடியைக் கொண்டுபோனால் ஒரு திருகாணி ஏறும், மற்றது பலகையில் முட்டி நிற்கும்.

வன்னியில் இது அடிக்கடி வருகிற சிக்கல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பழைய அலுமாரிகளும் ஊர்த் தச்சர்கள் செய்தவையும் அங்குலக் கணக்கில் பிறந்தவை. இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பொதியாகத் தொங்கும் கைபிடிகளோ 32-இன் மடங்குகளில் வருகின்றன: 64, 96, 128, 160, 192. இவற்றோடு 76 மில்லிமீற்றரும் சில இடங்களில் கிடைக்கும். அது பழைய மூன்று அங்குலத்துக்குப் பொருந்தும். மற்றவற்றுக்குப் பெயரளவில்தான் அங்குலம் ஒட்டியிருக்கிறது. சில கடைகளில் அந்த அங்குலம் கைபிடியின் முழு நீளத்தையும் குறிக்கும். ஆகவே கைபிடியைப் பெயரால் கேட்காமல் துளையின் நடுவிலிருந்து மற்றத் துளையின் நடு வரைக்குமான தூரத்தால் கேட்க வேண்டும். அந்தத் தூரத்தை எடுக்கப் பல வழிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே தரத்தவை அல்ல.

முதல் வழி, அளவு நாடாவைத் துளையின் நடுவில் வைத்துக் கண்மட்டமாகப் பார்ப்பது. தச்சர்கள் பலர் இதைத்தான் செய்கிறார்கள். பழகிய கண்ணுக்கு ஒரு மில்லிமீற்றருக்குள் வந்தும்விடும். பழகாதவர்களுக்கு வராது. துளையின் நடு என்பது வெறும் காற்று, அங்கே நாடாவின் கோட்டைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. நாடாவின் நுனிக் கொளுக்கி வேறு வேண்டுமென்றே கொஞ்சம் அசையும்படி ஆணியடித்தது. வெளியே மாட்டி இழுக்கும்போதும் உள்ளே முட்டித் தள்ளும்போதும் அது தன் தடிப்பைத் தானே ஈடுசெய்ய வேண்டும் என்பதற்காக அந்த அசைவு. பலகையின் முகத்தில் தட்டையாக வைத்து அளக்கும்போது அந்த அசைவே பிழையாகிறது. நாடாதான் கையில் இருக்கிறது என்றால் 10 சென்ரிமீற்றர்க் கோட்டிலிருந்து தொடங்கிப் பிறகு பத்தைக் கழியுங்கள். பள்ளிப்பிள்ளையின் அடிமட்டம் இந்த வேலைக்கு நாடாவை விட நல்லது. உருக்கு அடிமட்டம் இன்னும் நல்லது.

இரண்டாவது வழி ஓரத்திலிருந்து ஓரம். இடப்பக்கத் துளையின் இட ஓரத்திலிருந்து வலப்பக்கத் துளையின் இட ஓரம் வரைக்கும் அளப்பது. இரண்டு துளைகளும் ஒரே பருமன் என்றால் இந்தத் தூரமும் நடுவிலிருந்து நடுவுக்குள்ள தூரமும் ஒன்றுதான். ஓரம் கண்ணுக்குத் தெரிகிற கோடு என்பதால் கை தடுமாறாது. புதிய, தேயாத துளைகளுக்கு இதைவிட விரைவான வழி இல்லை. இதிலுள்ள ஆபத்து, பக்கம் மாறிவிடுவது. உள்ளோரத்திலிருந்து உள்ளோரம் வரைக்கும் அளந்து அதையே விடை என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். துளை 5 மில்லிமீற்றர், நடுத் தூரம் 101.6 என்று வையுங்கள். உள்ளோரங்களுக்கு இடையே 96.6 வரும். அடிமட்டத்தில் அது தொண்ணூற்றாறு என்றே வாசிக்கப்படும். கடையிலும் 96 என்று ஒரு கைபிடி தயாராக இருக்கிறது! தவறான அளவு ஒரு சரியான எண்ணின் உடையை உடுத்திக்கொண்டு வருகிற இடம் இது. மறுபுறமும் அப்படித்தான்: உண்மையான 96 துளைகளை வெளியோரங்களில் அளந்தால் 101 வரும், நாலு அங்குலம் என்று முடிவு கட்டத் தோன்றும்.

அதனால்தான் மூன்றாவது வழியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். உள்ளோரத் தூரம், வெளியோரத் தூரம் இரண்டையும் எடுத்துக் கூட்டிப் பாதியாக்குவது. உள்ளோரத் தூரத்தில் இரண்டு துளைகளின் ஆரங்களும் குறைந்திருக்கும். வெளியோரத் தூரத்தில் அதே ஆரங்கள் கூடியிருக்கும். கூட்டிப் பாதியாக்கும்போது அவை அடிபட்டுப்போகும். துளைகள் இரண்டும் வேறுவேறு பருமனாக இருந்தாலும் வட்டமாக இருக்கும் வரை கணக்கு பிசகாது. இதில் இன்னொரு இலாபமும் உண்டு. வெளித் தூரத்திலிருந்து உள் தூரத்தைக் கழித்தால் இரண்டு துளைகளின் விட்டமும் சேர்ந்து வரும். அந்த எண் துளையின் உடல்நிலையைச் சொல்லிவிடும்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு வீட்டு முதிரை அலுமாரி. மேல் லாச்சியில் உள்ளோரம் 96.5, வெளியோரம் 106.5. கூட்டினால் 203, பாதி 101.5. இது நாலு அங்குலம்தான், சந்தேகமில்லை. கழித்தால் 10, அதாவது இரண்டு துளைகளும் 5 மில்லிமீற்றர், தேய்வு இல்லை. கீழ் லாச்சியில் உள்ளோரம் அதே 96.5, வெளியோரம் 109. பாதி 102.75. அதை அப்படியே நம்பினால் இந்த அலுமாரிக்கு இரண்டு அளவுக் கைபிடி தேட வேண்டிவரும். ஆனால் கழித்துப் பார்த்தால் 12.5 வருகிறது, பத்து அல்ல. ஏதோ ஒரு துளை இரண்டரை மில்லிமீற்றர் அகன்றிருக்கிறது. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தபோது வலப்பக்கத் துளை முட்டை வடிவமாக வெளிப்பக்கம் நீண்டிருந்தது. தளர்ந்த திருகாணி ஆண்டுக்கணக்காக ஆடி மரத்தைத் தின்றிருக்கிறது. உள்ளோரங்கள் தேயவில்லை என்பதால் 96.5-உடன் ஒரு துளையின் விட்டமான 5-ஐக் கூட்டினாலே போதும்: 101.5. இரண்டு லாச்சிகளுக்கும் ஒரே கைபிடி. கையால் துளைத்த அலுமாரிகளில் ஒரு லாச்சியை மட்டும் அளந்துவிட்டு மற்றவற்றுக்கும் அதுவே என்று எடுக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் அளந்தால்தான் இப்படியானவை தெரியவரும்.

அளப்பது பலகையின் முன்முகத்தில்தான். லாச்சிக்குள்ளே திருகாணித் தலைகளுக்கு இடையே அளப்பது வசதியாகத் தோன்றும், கழற்றவும் வேண்டியதில்லை. கைத்துளைப்பான் மூன்று பாகை சரிந்திருந்தால் 18 மில்லிமீற்றர்ப் பலகையின் மறுபுறத்தில் துளை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் விலகி வெளிவரும். இரண்டு துளைகளும் எதிரெதிராகச் சரிந்திருந்தால் இரண்டு மில்லிமீற்றர். கைபிடியின் கால் உட்காருவது முன்புறத்தில், அங்கே உள்ள அளவுதான் கணக்கு.

பழைய கைபிடியைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோவது நாலாவது வழி. பலருக்கும் இதுதான் முதல் யோசனை. தட்டையான ஒற்றைத் துண்டுக் கைபிடி என்றால் நான் மறுக்கமாட்டேன். வேணியர் இடுக்கிமானியால் அதன் பின்புறத்தை அளந்தால் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு வரை தெரியும். ஆனால் அது கைபிடியின் அளவு, துளையின் அளவு அல்ல. வார்ப்புப் பித்தளைக் கைபிடிகளில் ஒரே தொகுதிக்குள்ளேயே கால்கள் முன்னே பின்னே இருக்கும். இழுத்து இழுத்து ஒரு கால் வளைந்திருக்கலாம். தொங்கும் வளையக் கைபிடிகளில் இரண்டு கால்களும் தனித்தனி. வளையம் அவற்றுக்கு நடுவே மாட்டி நிற்கிறது, கழற்றி மேசையில் வைத்தால் கொஞ்சம் விரியும், கொஞ்சம் ஒடுங்கும். அந்த வகைக்குப் பலகைத் துளையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

கடை தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஐந்தாவது வழியைச் சொல்வேன். அப்பியாசக் கொப்பியின் மட்டையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டுங்கள். மட்டையை நேரே துளைகளின் மேல் இறுக்கிப் பிடித்து, லாச்சிக்குள்ளிருந்து துளையை விட மெல்லிய, கூரான நீள ஆணியைத் துளை வழியே செலுத்தி நடுவில் குத்துங்கள். ஆணி துளையின் ஓரத்தில் சாயாமல் இருக்க அதன் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றித் துளைக்குள் இறுக்கமாகப் போகும் அளவுக்குப் பருமனாக்கிக்கொள்ளலாம். பிறகு அந்தக் குத்துகளில் 4 மில்லிமீற்றர்த் திருகாணிகள் இரண்டைச் செருகினால் ஒரு சோதனைக் கருவி கையில் இருக்கிறது. கடையில் எந்தக் கைபிடியை எடுத்தாலும் இரண்டு திருகாணிகளும் நேராக ஏறுகின்றனவா என்று பார்க்கலாம். மட்டை வளைந்தாலோ திருகாணி சரிந்தாலோ அந்தக் கைபிடி வேண்டாம். எண்ணைத் தவறாக வாசித்த பிழை இதில் நுழைய வழியே இல்லை. முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வந்து திரும்புகிறவருக்கு இது ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துத் தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படம் கொஞ்சம் சரிந்தாலே கோடு மாறும். நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், அளவுக்கு வேண்டாம்.

எவ்வளவு பிசகு வரை பொறுக்கும் என்பதும் துளையிலேயே இருக்கிறது. 5 மில்லிமீற்றர்த் துளையில் 4 மில்லிமீற்றர்த் திருகாணி ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீற்றர் நகரும். இரண்டு துளைகளும் சேர்ந்தால் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தை விழுங்கிவிடும். எனவே 76.2 துளைக்கு 76 கைபிடி தாராளமாக ஏறும். 101.6 துளைக்கு 100 கிடைத்தால் அது எல்லையைத் தாண்டியது. ஆனாலும் வட்ட அரத்தால் துளைகளின் உள்ளோரத்தைச் சிறிது அராவினால் மாட்டலாம், கைபிடியின் கால் அந்த அராவலை மறைத்துவிடும். முதிரை, தேக்கு இதைத் தாங்கும். சிப்போட் பலகை உதிரும், அதில் செய்யாதீர்கள். 96-ஐ அராவி 101.6-இல் மாட்ட நினைப்பது வீண்வேலை. அதற்கு இரண்டு பழைய துளைகளையும் மூடுகிற நீளமான பின்தகடுள்ள கைபிடிதான் பார்க்க வேண்டும். அந்தத் தகடு இரண்டு துளைகளையும் முழுதாக மூடுகிறதா என்பதை மட்டையால் சோதியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் யாரிடமாவது சொல்லி வாங்குவதென்றால் மட்டை உதவாது, எண் வேண்டும். அப்போது மூன்றாவது வழியில் வந்த எண்ணை மில்லிமீற்றரில் சொல்லுங்கள்; அங்குலம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். கனடா, அமெரிக்கப் பக்கத்துக் கைபிடிகளில் திருகாணியின் புரி வேறாக இருக்கலாம். நம் கடைத் திருகாணி அதில் இரண்டு சுற்று ஏறி இறுகி நிற்கும். பலவந்தப்படுத்தினால் புரி அழியும். ஆகவே அவர்கள் பொதியோடு வரும் திருகாணிகளையும் சேர்த்தே கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவற்றின் நீளமும் கேட்டுக்கொள்ளுங்கள். பொதியில் வழக்கமாக வருவது 18 மில்லிமீற்றர்ப் பலகைக்கான 25 மில்லிமீற்றர்த் திருகாணி. பழைய முதிரை லாச்சியின் முகப்பு ஓர் அங்குலத் தடிப்பு என்றால் அது மறுபுறம் எட்டிப் பார்க்கவும் மாட்டாது. 30 அல்லது 35 வேண்டும். அதற்கும் கூடினால் திருகாணி கைபிடியின் அடியில் முட்டிவிடும், எவ்வளவு திருகினாலும் கைபிடி ஆடிக்கொண்டேயிருக்கும்.