ஜோன் ஸ்கேல், வெர்னியர், ஒரு கறுப்புத் துணி: ஆறு வருட அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். ஆண்டிபயாடிக் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராமல் நிற்கும் வட்டத்தை அளக்க ஆறு வருடமாக இரண்டு கருவிகள் வைத்திருக்கிறேன். ஒன்று பிளாஸ்டிக் ஜோன் ஸ்கேல், மற்றொன்று டிஜிட்டல் வெர்னியர்.

ஸ்கேல் வேகமானது. கிருமி வளர்த்த தட்டைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வைத்தால் போதும். ஆனால் கண்ணைச் சற்றுச் சாய்த்தாலே ஒரு மில்லிமீட்டர் மாறிவிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து இரண்டாம் வருடமே கோடுகள் மங்கிவிட்டன. வெர்னியரில் முனைகளை வட்டத்தின் விளிம்பில் நிறுத்தினால் கை நடுங்கினாலும் அளவு பெரிதாக மாறுவதில்லை. அதன் திரையில் 21.37 என்று வருவதை மாணவர்கள் அப்படியே எழுதிவிடுவார்கள். முழு மில்லிமீட்டராக எழுத வைக்க வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிக்கு செஃபாக்சிடின் டிஸ்க் வைக்கும்போதுதான் வெர்னியரின் அருமை தெரியும். 22 என்றால் மருந்து கேட்கும், 21 என்றால் மெத்திசிலின் வகை மருந்துகள் கேட்காத எம்ஆர்எஸ்ஏ. நடுவில் வேறு வகையே கிடையாது.

இந்த இரண்டையும் விட எனக்கு அதிகம் உதவியது மேசையில் விரித்த கறுப்புத் துணிதான். அதன் மேல் தட்டைச் சில அங்குலம் தூக்கிப் பிடித்து, மேலிருந்து விளக்கு வெளிச்சம் விழ விட்டால் விளிம்பு பளிச்சென்று தெரியும். வட்டத்தின் அளவு மட்டுமல்ல, வடிவமும் தெரியும். வடிவம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் போன வருடத் தட்டு ஒன்றைச் சொல்கிறேன்.

மூக்கு ஸ்வாபில் கிடைத்த ஒரு ஆரியஸ். எரித்ரோமைசின் டிஸ்க்கைச் சுற்றி வட்டமே இல்லை, டிஸ்க்கின் 6 மில்லிமீட்டர்தான். கிளிண்டாமைசினுக்கு 24. "மேடம், 21க்கு மேல போயிடுச்சு, சென்சிடிவ் தானே?" என்றாள் ஒரு மாணவி. அட்டவணைப்படி அவள் சொன்னது சரி. ஆனால் அந்தத் தட்டில் இரண்டு டிஸ்க்கும் எதிரெதிர் ஓரத்தில் இருந்தன. எரித்ரோமைசின் கேட்காமல் கிளிண்டாமைசின் மட்டும் கேட்கும் ஆரியஸ் வந்தால் அங்கேயே முடிவு எழுதக் கூடாது.

அதே கிருமியை மறுபடி பரப்பி, இரண்டு டிஸ்க்கையும் விளிம்புக்கு விளிம்பு 20 மில்லிமீட்டர் தள்ளிப் பக்கத்தில் வைத்தோம். 15 முதல் 26 வரை இருக்கலாம். மறுநாள் கறுப்புத் துணிமேல் பிடித்தபோது, கிளிண்டாமைசின் வட்டம் எரித்ரோமைசினைப் பார்த்த பக்கம் மட்டும் தட்டையாக நின்றது. டிஸ்க்கின் மையத்திலிருந்து மறுபக்கம் 12, இந்தப் பக்கம் 8. ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம். இதற்கு டி-டெஸ்ட் என்றே பெயர். குறுக்காக அளந்தால் இப்போதும் 24 வரும். ஆனால் முடிவு: கிளிண்டாமைசின் ரெசிஸ்டன்ட், அதாவது மருந்து கேட்காது.

காரணம் இதுதான். இந்தக் கிருமியிடம் எர்ம் என்ற மரபணு இருக்கிறது. கிருமி புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் இரண்டு மருந்தும் ஒட்டும் இடத்தை அது மாற்றிவிடும். கிளிண்டாமைசின் தனியாக வந்தால் அந்த மரபணு பெரும்பாலும் தூங்கும். எரித்ரோமைசின் வந்தால் விழித்துக்கொள்ளும். தட்டில் ஊற்றிய அகார் கூழில் எரித்ரோமைசின் பரவிய பக்கம் மட்டும் வட்டம் தட்டையானது அதனால்தான். எரித்ரோமைசினை வெளியே தள்ளும் பம்ப் மட்டும் உள்ள கிருமியாக இருந்தால் வட்டம் உருண்டையாகவே நின்றிருக்கும், கிளிண்டாமைசினும் வேலை செய்யும். இந்த இரண்டையும் எந்த ஸ்கேலும் பிரித்துக் காட்டாது. அப்புறம், டி விழாவிட்டாலும் கிளிண்டாமைசின் வட்டத்துக்குள் மங்கலாக வளர்ச்சி தெரிந்தால் அதுவும் ரெசிஸ்டன்ட்தான்.

ஒரு தடவை டி-டெஸ்ட்டே எங்களை ஏமாற்றப் பார்த்தது. ஏப்ரல் வெயிலில் கூரியரில் வந்த எரித்ரோமைசின் டிஸ்க் அது. டிஸ்க் சரியா என்று பார்க்க வைத்திருக்கும் ஏடிசிசி 25923 என்ற கன்ட்ரோல் கிருமிக்கு 22 முதல் 30 வரை வர வேண்டும், 19தான் வந்தது. அதே தட்டில் கிளிண்டாமைசின் 26, அதாவது 24–30 என்ற வரம்புக்குள்ளேயே இருந்தது. அகார் தடிமனாகிவிட்டதா, கிருமி அடர்த்தி கூடிவிட்டதா என்று தேடியிருப்போம்; அப்படி இருந்தால் இரண்டு வட்டமும் சேர்ந்து சுருங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுருங்கினால் தவறு அந்த டிஸ்க்கில்தான். புதுக் குப்பியில் 25 வந்தது. வலுவிழந்த எரித்ரோமைசின் மரபணுவைச் சரியாக எழுப்பாமல் போகலாம். டி விழ வேண்டிய தட்டில் உருண்டை வட்டம் வந்திருக்கும்.

இப்போது ஆரியஸ் தட்டு என்றால் முதல் தடவையே இந்த இரண்டு டிஸ்க்கையும் அடுத்தடுத்து வைக்கச் சொல்கிறேன். வைக்கும் இடத்தைத் தட்டின் அடியில் மார்க்கரால் 20 மில்லிமீட்டருக்குக் குறித்துக்கொள்கிறோம். வெர்னியரை அதிகம் எடுப்பது இப்போது அந்தக் குறி போடத்தான்.